இலைக்கு எந்த எழுத்து?

டொராண்டோவில் வளரும் அக்கா மகளுக்கு ஐந்து வயது. அவளுக்காக இன்ஸ்டாகிராமில் உயிரெழுத்துகளைப் படம் படமாகச் செய்து போட்டேன். விரலால் தள்ளத் தள்ள அடுத்த படம் வரும். கரோசல் என்கிறார்களே, அதுதான். ஒரு படத்துக்கு ஓர் எழுத்து, அதற்கொரு சொல். ‘இ’ என்று எழுதி, பக்கத்தில் பச்சை இலை ஒன்று வரைந்திருந்தேன். வீடியோவில் அக்கா அதைக் காட்டியதும் குழந்தை, “எலை” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ இது ‘எ’தானே சித்தி?” என்று கேட்டாள்.

அவள் காதில் விழுந்ததைத்தான் சொன்னாள். நம் வீட்டுப் பேச்சில் சொல்லின் முதலில் வரும் குறில் ‘இ’, அடுத்த எழுத்து ‘அ’ அல்லது ‘ஐ’ ஓசையில் இருந்தால் ‘எ’ ஆகிவிடுகிறது. இலை எலையாகிறது, இடம் எடமாகிறது. ‘உ’ அதேபோல் ‘ஒ’ ஆகும்: உடம்பு ஒடம்பு, உரல் ஒரல். ஊரில் வளரும் குழந்தை பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் கடைப் பலகையிலும் ‘இலை’யைக் கேட்டும் பார்த்தும் சரிசெய்துகொள்ளும். வெளிநாட்டில் வளரும் குழந்தைக்கு அம்மா பேசும் தமிழ்தான் மொத்தத் தமிழும். நாம் அரிச்சுவடியில் படித்த இலையும் உரலும் அங்கே எழுத்தையே மாற்றிக் கற்றுக்கொடுத்துவிடும். தவிர, உரலை அவள் கண்ணாலும் பார்த்ததில்லை.

பிறகு ஒவ்வொரு சொல்லையும் அக்கா வீட்டில் சொல்கிற மாதிரியே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ‘இ’க்கு இட்லி, ‘உ’க்கு உப்பு. இரண்டிலும் முதலெழுத்தை அடுத்து ஒற்றெழுத்து நிற்பதால் ஓசை திரிவதில்லை. நெடிலில் இந்தத் தொல்லை கிடையாது. ‘ஊ’வுக்கு ஊசி போதும், டாக்டரிடம் போட்டுக்கொண்ட ஊசியை எந்தக் குழந்தையும் மறக்காது. அதிகம் படுத்தியது ‘ஐ’. ஐந்து என்று ஐந்து விரலைப் போடலாம் என்றால், வீட்டில் அது ‘அஞ்சு’. ஐம்பதும் ‘அம்பது’தான். கடைசியில் ‘ஐயோ’ என்று எழுதி, கொட்டிக் கிடக்கும் பால் டம்ளரை வரைந்தேன். பெயர்ச்சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே! ‘ஓ’வுக்கும் ஓடமோ ஓநாயோ வேண்டாம், ஓடுகிற பையனை வரைந்து ‘ஓடு’ என்று போட்டால் பார்த்தவுடன் புரியும்.

ஆய்த எழுத்துக்கு மட்டும் வீட்டுச் சொல் கிடைக்கவில்லை. அது சொல்லின் முதலில் வராது. எஃகு என்று எழுதலாம், ஆனால் அந்த வீட்டில் பாத்திரம் எவர்சில்வர். ஆகவே சொல்லே போடாமல் மூன்று புள்ளியை மட்டும் பெரிதாக வரைந்து விட்டுவிட்டேன். தெரியாத சொல்லைத் திணிப்பதைவிட அதுவே மேல் என்று இன்றும் நினைக்கிறேன்.

மெய்யெழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது. அங்கே எழுத்தைச் சொல்லின் நடுவிலோ கடைசியிலோதான் காட்ட வேண்டும்: க்-க்கு மூக்கு, ட்-க்கு முட்டை, ய்-க்கு நாய். அந்த ஒற்றுக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்தால் குழந்தையின் கண் அதில் போய் நிற்கும். 2024-இல் இன்ஸ்டாகிராம் ஒரு பதிவுக்கு 10 படம் என்ற வரம்பை 20 ஆக்கியதால் 18 மெய்யும் ஒரே பதிவில் அடங்குகின்றன. முன்பென்றால் 12 உயிரெழுத்தையே இரண்டாக வெட்ட வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணக் குடும்பங்களுக்குச் செய்வதானால் இன்னொரு வடிகட்டல் வேண்டும். அவர்கள் வீட்டில் நாற்காலி கதிரை, பூண்டு உள்ளி. டொராண்டோவில் அவர்கள்தான் ஏராளம். கண், பல், பால், மீன் போன்றவை இரு வீட்டுக்கும் பொது. ‘உ’வுக்கு உள்ளி போட்டால் அக்கா மகளுக்குப் புரியாது, உப்பு இருவருக்கும் புரியும்.

படத்தைப் பதிவேற்றுமுன் ஒரு சோதனை அவசியம். சில வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொக்கு’வின் கொம்பு ‘க’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ‘ஔ’வும் கவனிக்க வேண்டியது: அது ஒரே எழுத்து, அதற்கெனத் தனி விசையுண்டு. அவசரத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்துத் தட்டினால் பார்வைக்குக் கிட்டத்தட்ட அதேபோல் இருக்கும், குழந்தையோ இரண்டு எழுத்தென்று எண்ணிவிடும். முடிந்த படத்தைத் தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்வதுதான் என் வழக்கம்.

திரையில் எழுத்தை அடையாளம் காணலாம், எழுதும் வரிசை வராது. ‘இ’யை எங்கே தொடங்கி எங்கே சுழிப்பது என்பதை நின்றுபோன படம் சொல்லாது. அதற்கு அக்கா ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, மகளின் விரலைப் பிடித்து எழுதவைக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டு சரிந்து அரிசி தரையெல்லாம் சிதறியது. குழந்தை போனைத் தேடி எடுத்து, படங்களைத் தள்ளித் தள்ளி, பால் டம்ளர் வந்ததும் நிறுத்தி என்னிடம் காட்டினாள்.