40 பேரில் 22 பேர்... அப்படியென்றால் ஊருக்கே ரத்தசோகையா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். டெய்லர், செக்கிங், கைமடி, அயர்னிங் என்று 800 பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஒரு நாள் மருத்துவ முகாம். 40 பெண்களுக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அதில் 22 பேருக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு இந்த 12தான் எல்லைக்கோடு. அதற்குக் குறைந்தால் ரத்தசோகை.

மறுநாள் நோட்டீஸ் போர்டில், 'நம் பெண்களில் 55 சதவீதம் பேருக்கு ரத்தசோகை!' என்று எழுதி ஒட்டுகிறார்கள். 40க்கு 22 என்றால் 55 சதவீதம். கணக்கு சரிதானே? கணக்கு சரி, வாக்கியம்தான் தப்பு!

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். ஆனால் பெண்கள் எல்லோரும் ஒரே பதத்தில் வெந்த சோறு இல்லையே! அந்த 40 பேருக்குப் பதில் வேறு 40 பேரைக் கூப்பிட்டிருந்தால் 19 பேர் வந்திருக்கலாம், 25 பேரும் வந்திருக்கலாம். இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு இருக்கும் என்பதைச் சொல்வதுதான் 'பிழை வரம்பு'.

அதைப் போட்டுப் பார்க்க ஒரு சுலப வழி உண்டு. பரிசோதித்தவர்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுங்கள். 100ஐ அதனால் வகுங்கள். விடை பாதியை ஒட்டி இருக்கும்போது இது நன்றாகவே பொருந்தும். 40க்கு வர்க்கமூலம் சுமார் 6.3. நூறை அதனால் வகுத்தால் 16. ஆக, 55க்கு இந்தப் பக்கம் 16, அந்தப் பக்கம் 16. அதாவது 39 முதல் 71 வரை! இதற்குத்தான் 'நம்பிக்கை இடைவெளி' என்று பெயர். இதே மாதிரி நூறு தடவை ஆட்களைத் தேர்ந்தெடுத்து, நூறு இடைவெளிகள் போட்டால், சுமார் 95 இடைவெளிகளுக்குள் உண்மையான அளவு இருக்கும். மற்ற ஐந்தில் தவறிப்போகும்.

100 பேர் என்றால் வரம்பு 10. 400 பேர் என்றால் 5. பாருங்கள், வரம்பைப் பாதியாகக் குறைக்க நாலு மடங்கு ஆட்கள் வேண்டும்!

அரசின் தேசிய குடும்ப நல ஆய்வில் இதற்கு ஓர் ஒழுங்கே வைத்திருக்கிறார்கள். 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துக் கிடைத்த எண்ணை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள், 'ஜாக்கிரதை' என்று சொல்வதுபோல. 25க்கும் குறைவு என்றால் எண்ணே கிடையாது, வெறும் நட்சத்திரக் குறிதான். நம் 40 பேர் அங்கே போயிருந்தால் அடைப்புக்குறிக்குள்தான் உட்கார்ந்திருப்பார்கள்! 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. அது 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சந்தித்துச் சொன்ன எண். அதையும் நம் 55ஐயும் பக்கத்தில் வைத்து, 'மாநிலத்தைவிட இங்கே மோசம்' என்று பேச இடமே இல்லை.

ஆறு மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு இன்னொரு முகாம். இந்தத் தடவை வேறு 40 பேர். 18 பேருக்கு ரத்தசோகை, அதாவது 45 சதவீதம். 'பத்து சதவீதம் குறைஞ்சிருச்சுங்க!' என்று சந்தோஷப்படலாமா? இரண்டு எண்ணிலும் ஆட்டம் இருப்பதால், வித்தியாசத்தில் ஆட்டம் இன்னும் அதிகம், சுமார் 22. மாத்திரையே கொடுக்காவிட்டாலும் இந்தப் பத்து தானாக வந்திருக்கலாம். மாத்திரை வேலை செய்யவில்லை என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. முதல் முகாமுக்கு வந்த அதே பெண்களையே மறுபடி பரிசோதித்து, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு ஏறியது என்று பார்த்திருந்தால் விஷயம் தெளிவாகியிருக்கும்.

இன்னொன்று. முகாமுக்கு யார் வந்தார்கள்? 'தலை சுத்துதுங்க, அசதியா இருக்குதுங்க' என்பவர்கள்தான் முதலில் வரிசையில் நிற்பார்கள். பீஸ் ரேட்டில் தைப்பவர் மெஷினை விட்டு எழுந்தே வந்திருக்க மாட்டார். இந்தக் கோணலைப் பிழை வரம்பு காட்டாது. அது சீட்டுக் குலுக்கி எடுத்த ஆட்களுக்கு மட்டுமே பொருந்தும். சம்பளப் பட்டியலில் இருக்கும் 800 பெயரிலிருந்து குலுக்கி எடுத்திருந்தால்தான் அந்த 16க்கு அர்த்தம் உண்டு.

அப்படியானால் போர்டில் என்னதான் எழுதுவது? இப்படி எழுதலாம்: 'தாமாக முன்வந்த 40 பெண்களில் 22 பேருக்கு ரத்தசோகை இருந்தது. குறைந்த எண்ணிக்கை என்பதால் இதை மொத்தக் கம்பெனிக்கும் பொருத்த வேண்டாம். குலுக்கி எடுத்திருந்தால்கூட 39 முதல் 71 சதவீதம் வரை இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். பரிசோதிக்காதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.'

கடைசி வரிதான் முக்கியம். 55 என்பது கூட்டத்தைப் பற்றிய எண். உங்கள் பெண்ணின் ரத்தத்தில் எவ்வளவு என்பதை அது சொல்லாது. அந்த 22 பேருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அவர்கள் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும்.