படத்தில் வந்த மீன்

மலைநாட்டில் இருக்கும் எங்களுக்குக் கடல் தூரம். மீன் பேலியகொடையிலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ லொறியில் வந்து சேர்கிறது. முன்பெல்லாம் வாப்பா சந்தைக்குப் போய்ப் பார்த்து வாங்கி வருவார். இப்போது காலை ஏழு மணிக்கே மீன்காரர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிடுகிறார். "எது வேணும்?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. தொட்டுப் பார்க்கவோ மணந்து பார்க்கவோ வழியில்லாமல், கண்ணால் மட்டும் தீர்மானிக்க வேண்டிய நிலை. படத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று உயிரியல் பாடத்தில் படித்ததையும் வீட்டில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கண். உயிர் போன புதிதில் மீனின் கண் வெளியே சற்றுப் பிதுங்கி நிற்கும். அதன்மேல் இருக்கும் விழிவெண்படலம் கண்ணாடி போலத் தெளிவாகவும், நடுவிலுள்ள கண்மணி கறுப்பாகவும் இருக்கும். நாட்கள் போகப் போகக் கண்ணுக்குள் இருக்கும் திரவம் குறைந்து கண் தட்டையாகும், பிறகு உள்ளே குழியும். விழிவெண்படலத்தின் புரதம் சிதைவதால் பால் ஊற்றியது போல மங்கும். கண்மணியும் சாம்பல் நிறமாகும். ஆகவே நிறத்தை விடக் கண்ணின் வடிவமே நல்ல சாட்சி. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் பிதுங்கிய கண்ணும் தட்டையான கண்ணும் ஒரே வட்டமாகத்தான் தெரியும். பக்கவாட்டில், மீனின் மட்டத்துக்குக் கமராவை இறக்கி எடுத்தால்தான் அந்த மேடு தெரியும்.

கண் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. ஐஸ் கண்ணில் நேராகப் பட்டுக்கொண்டிருந்தால் நல்ல மீனின் கண்ணும் மங்கிவிடும். ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்பட்ட மீனுக்கு, உள்ளே இருக்கும் காற்றுப்பை விரிவதால் கண் அளவுக்கு மீறிப் பிதுங்கும். அதைப் புதுமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று பிளாஷ். கைத்தொலைபேசியின் பிளாஷ் பட்டால் எந்தக் கண்ணிலும் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். குழிந்த கண்ணும் உயிரோடு இருப்பது போலத் தோன்றும்.

அடுத்தது செவிள். மூன்றிலும் நான் அதிகம் நம்புவது இதைத்தான். செவிளின் சிவப்பு, குருதியிலுள்ள ஈமோகுளோபினின் சிவப்பு. அதிலிருக்கும் இரும்பு ஒட்சியேற்றம் அடையும்போது சிவப்பு மெல்ல மெல்லக் கபிலமாகிறது. நறுக்கிய அப்பிள் கபிலமாவது வேறு தாக்கம் என்றாலும், பார்ப்பதற்கு அப்படித்தான். கூடவே செவிளை மூடியிருக்கும் சீதத்தையும் பார்க்க வேண்டும். புதிய மீனில் அது நிறமில்லாமல் இருக்கும். பழைய மீனில் வெளுத்துத் தடித்து, இழைகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். ஐஸ் தண்ணீரில் நீண்ட நேரம் ஊறிய மீனின் செவிள் கெடாமலே வெளிறிப் போவதும் உண்டு. அப்போது நிறத்தை விட்டு, இழைகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றனவா என்று பார்ப்பதே சரி. செவிள் மூடியைத் தூக்காமல் அனுப்பிய படம் செவிளைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

தோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். புதிய மீனின் தோல் வானவில் போல மினுங்கும். பழசானால் மினுக்கம் மங்கிச் சாயம் போன துணி மாதிரி ஆகும். ஆனால் ஒரு கோப்பைத் தண்ணீர் தெளித்தால் எந்தத் தோலும் மினுங்கும். எனவே படத்தில் தோலின் பளபளப்புக்கு நான் குறைந்த புள்ளிகளே கொடுப்பேன். வயிறு உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிடப் பயன் தரும். குடலிலுள்ள நொதியங்கள் வயிற்றுச் சுவரைக் கரைப்பதால் அதுதான் முதலில் இளகும்.

இனி ஓர் உண்மைப் படத்தை எடுத்துக்கொள்வோம். சென்ற மாதம் ஏறத்தாழ 2 கிலோ பலயா ஒன்றின் படம் வந்தது. "கண்ணப் பாருங்க, கண்ணாடி மாதிரி ஈக்கிது" என்று குரல் பதிவும் வந்தது. உம்மா கைத்தொலைபேசியை என்னிடம் தந்தார். நான் மீனைப் பார்க்கவில்லை, முதலில் ஐஸைப் பார்த்தேன். ஐஸும் ரெஜிபோம் பெட்டியும் வெள்ளையாக இருக்க வேண்டியவை. அந்தப் படத்தில் இரண்டுமே இளஞ்சிவப்பு! கடைக்கு மேலே சிவப்புத் தறப்பாள் கட்டியிருந்தால் அப்படித்தான் வரும். ஐஸையே சிவக்க வைக்கும் வெளிச்சம் செவிளையும் சதையையும் எவ்வளவு சிவக்க வைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். படம் மேலிருந்து எடுத்தது, கண்ணில் பிளாஷ் புள்ளி, செவிள் மூடியிருந்தது. அதாவது படம் அழகாக இருந்தும் அதில் தகவல் ஏதும் இல்லை.

உம்மா மரியாதையாக வேறு படம் கேட்டார். வாசல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசி வைத்து, செவிள் மூடியை விரலால் தூக்கி. அவரும் முகம் கோணாமல் எடுத்து அனுப்பினார். இம்முறை கடதாசி வெள்ளையாகவே இருந்தது, எனவே நிறங்களை நம்பலாம். கண் குழியவில்லை, ஆனால் தட்டை; இலேசான மங்கல், கண்மணி இன்னும் கறுப்பு. செவிளின் அடிப்பகுதி கருஞ்சிவப்பு, நுனிகள் கபிலம், அங்கங்கே வெண்மையான சீதம். வயிறு உடையவில்லை. என் கணிப்பு: அழுகிய மீனல்ல, ஆனால் பிடித்துப் பல நாட்கள் ஆனது. அது மட்டும் குற்றமல்ல. பலநாள் படகுகள் வாரக்கணக்கில் கடலில் நிற்பவை. முழு நேரமும் ஐஸில் இருந்தால் அந்த மீனும் உண்ணத் தகுந்ததே. கேள்வி, ஐஸ் இடையில் விட்டுப் போனதா என்பது.

பலயா, கெலவல்லா, கும்பளா போன்ற மீன்களில் இந்தக் கேள்வி பெரியது. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் வெப்பத்தில் கிடந்தால் சில பற்றீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அதைச் சாப்பிட்டவருக்குச் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் அரிக்கலாம். பலர் இதை ஒவ்வாமை என்று நினைத்துவிடுகிறார்கள். பெரியவர்கள் "கிரந்தி மீன்" என்று சொல்வதில் சில வேளைகளில் இதுவும் கலந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆணத்தில் எவ்வளவு கொதித்தாலும் ஹிஸ்டமின் அழியாது, உறையவைத்தாலும் போகாது. கண்ணும் செவிளும் ஓரளவு நன்றாக இருக்கும் மீனிலும், மணத்தில் குறை தெரியாத மீனிலும் அது இருக்கலாம். இதைக் காட்டும் கமரா எந்தக் கைத்தொலைபேசியிலும் இல்லை.

ஆகவே அன்று உம்மா பலயாவை விட்டுவிட்டு, அதே பெட்டியின் ஓரத்தில் கிடந்த விளைமீனைக் கேட்டார். வெள்ளைச் சதையுள்ள அந்த மீனில் ஹிஸ்டிடின் குறைவு. அது பழசானால் மணமே காட்டிக்கொடுத்துவிடும்.

துண்டு போட்ட கெலவல்லாவின் படத்துக்கு மேலே சொன்னவை ஒன்றும் உதவாது. கண்ணும் இல்லை, செவிளும் இல்லை. சதையின் சிவப்பை வைத்து வாங்கவும் முடியாது. சில நாடுகளில் காபனோரொட்சைட்டு வாயுவைச் செலுத்திப் பழைய சதையையும் செக்கச்செவேலென்று வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்திருக்கிறது. துண்டாக வேண்டுமென்றால், முழு மீனின் தலையோடு படம் கேட்டுவிட்டு வெட்டச் சொல்வது நல்லது.

மீன் வீட்டு வாசலுக்கு வந்ததும் காசு கொடுக்குமுன் செய்ய வேண்டியவை மூன்று. பைக்குள் ஐஸ் இன்னும் இருக்கிறதா, மீன் தொட்டால் சில்லென்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முதுகை விரலால் அழுத்துங்கள். பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். செவிளை ஒரு முறை மணந்து பாருங்கள். கடல் மணம் என்றால் உள்ளே எடுங்கள், புளித்த மணம் என்றால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.