ஜாக்கிக்கு அடியில் என்ன இருக்கிறது?

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் சாலைகளில் ஐப்பசி மழைக்குப் பிறகு கார் பஞ்சரானால், ஓட்டுபவர் முதலில் வண்டியைத் தார்ச்சாலையிலிருந்து மண் ஓரத்துக்கு இறக்குகிறார். பின்னால் வரும் லாரிக்கு வழிவிட வேண்டுமே. மண் மேலே காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடக்கும். அதைச் சற்றுக் கிளறினால் உள்ளே ஈரக் களி. ஓரமும் பள்ளத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஜாக்கியை வைத்துச் சுற்றத் தொடங்கினால், வண்டி மேலே போவதற்குப் பதிலாக ஜாக்கி கீழே போகும். அதுவும் நேராக இறங்காது. ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி இறங்கும்.

காரணம் எளிய கணக்கு. ஏறத்தாழ 1000 கிலோ எடையுள்ள சிறிய காரில் முன் சக்கரம் ஒன்றைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் சுமார் 300 கிலோ வந்து உட்காருகிறது. காரோடு தரப்படும் கத்தரி ஜாக்கியின் அடித்தட்டு உள்ளங்கை அளவுதான். அதை 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணும் 3 கிலோ தாங்க வேண்டும். காற்று நிறைந்த டயர்கூட மண்ணை இவ்வளவு அழுத்துவதில்லை. அதனால் சக்கரம் புதையாமல் நின்ற இடத்தில் ஜாக்கி புதையலாம்.

இடத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஜாக்கி நிற்கப்போகும் இடத்தில் ஒற்றைக் குதிகாலை ஊன்றி முழு எடையையும் அதன்மேல் கொடுக்க வேண்டும். 60 கிலோ மனிதரின் குதிகால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ அழுத்தும். குதிகாலே பதிந்தால் ஜாக்கி நிச்சயம் பதியும். பதியாவிட்டாலும் முழுதாக நம்பிவிட முடியாது, ஜாக்கியின் அழுத்தம் அதைவிட அதிகம்.

டிக்கியில் ஒரு பலகை இருந்தால் நிலைமை மாறிவிடும். ஓர் அடிக்கு ஓர் அடி, ஒன்றரை அங்குலமாவது கனமுள்ள உறுதியான மரப்பலகை போதும். அதே 300 கிலோ 900 சதுர சென்டிமீட்டருக்குப் பரவும்போது அழுத்தம் மூன்றில் ஒரு கிலோவாகக் குறைந்துவிடுகிறது. மெல்லிய பிளைவுட் உதவாது. நடுவில் வளைந்து, பழையபடி உள்ளங்கை அளவு இடமே எல்லாப் பாரத்தையும் தாங்கும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கூடவே கூடாது. மரம் நசுங்குவதற்கு முன் முனகும், பிளக்கும். கல் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

பலகை வைத்தால் ஒரு புதுச் சிக்கல் வரும். காற்றுப் போன சக்கரத்தில் கார் தாழ்ந்து கிடப்பதால், பலகையும் ஜாக்கியும் சேர்ந்து அடியில் நுழைய இடமிருக்காது. அப்போது மண்ணைக் கொஞ்சம் வெட்டிப் பலகையைக் குழிக்குள் பதிக்கலாம். சரிந்த ஓரத்தில் இது இன்னும் நல்லது. மேட்டுப் பக்க மண்ணைச் சீவி எடுத்தால் பலகை மட்டமாக உட்காரும், ஜாக்கியும் நெட்டுக்குத்தாக நிற்கும். பள்ளப் பக்கம் மண்ணைக் கொட்டி மட்டமாக்க நினைப்பது தவறு, புது மண் பாரம் ஏறியதும் அமுங்கிவிடும்.

மண்ணைவிட ஏமாற்றக்கூடியது சரிவு. 20 அடிக்கு 1 அடி இறங்கும் சாலை கண்ணுக்கு மட்டமாகவே தெரியும். ஆனால் அங்கே நிற்கும் 1000 கிலோ காரைப் பள்ளத்தை நோக்கி 50 கிலோ விசை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று, முதல் கியரும் போட்டாயிற்று, இனி நகராது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

முன் சக்கரங்கள் இழுத்துச் செல்லும் கார்தான் இன்று அதிகம். அதில் முன் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியதுமே கியரின் பிடி போய்விடுகிறது. எஞ்சினுக்கும் இரு சக்கரங்களுக்கும் நடுவிலிருக்கும் டிஃபரென்ஷியல், ஒரு சக்கரம் ஒரு திசையில் சுற்றினால் மற்றதை எதிர்த்திசையில் சுற்றவிடும். அந்தரத்தில் இருப்பது சும்மா சுற்ற, தரையில் இருப்பது தடையின்றி உருளும். ஆட்டோமேட்டிக் வண்டியில் P போட்டிருந்தாலும் இதே கதிதான். பிறகு மிஞ்சுவது பின் சக்கரங்களைப் பிடித்திருக்கும் ஹேண்ட் பிரேக் மட்டுமே. அதன் கேபிள் தளர்ந்திருந்தால் கார் நான்கு விரல்கடை நகரும். ஜாக்கி சரிந்து விழ அது போதும்.

ஆகவே சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தே ஆக வேண்டும். இடது முன் சக்கரம் பஞ்சர் என்றால், குறுக்கே எதிர் மூலையிலுள்ள வலது பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. கூடவே இடது பின் சக்கரத்துக்குப் பள்ளப் பக்கம் ஒன்று. கல்தான் கிடைக்கிறது என்றால் உருண்டையானது வேண்டாம், ஆப்பு மாதிரிச் சாய்ந்த கல்லை டயரோடு ஒட்டி நெருக்க வேண்டும்.

பக்கவாட்டுச் சரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடது ஓரத்தில் நிற்கும் காரில் மேட்டுப் பக்கம் இருப்பது வலது சக்கரம். பஞ்சரானது அதுவென்றால், தூக்கத் தூக்க கார் பள்ளத்தை நோக்கி இன்னும் சாயும். அங்கே வேலையைத் தொடங்காமல், ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு நடை வேகத்தில் கெட்டியான, மட்டமான இடம் வரை ஓட்டிப் போவதே நல்லது. டயர் கெட்டுப்போகலாம், ரிம்முக்கும் அடி படலாம். கால் நசுங்குவதோடு ஒப்பிட்டால் அது சின்ன நஷ்டம்.

இனி ஜாக்கியின் தலை எங்கே தொட வேண்டும் என்ற கேள்வி. கதவுக்குக் கீழே காரின் நெடுக ஓடும் தகட்டு விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தால், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் சிறு வெட்டுகளோ குறிகளோ தட்டுப்படும். பல கார்களில் உள்ளே கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்திய இடம் அதுதான். ஜாக்கித் தலையிலுள்ள பள்ளம் அந்த விளிம்பைக் கவ்வ வேண்டும். நாலு விரல் தள்ளி வைத்தால் விளிம்பு மடங்கும். தரைத் தகட்டில் வைத்தால் ஜாக்கி குழித்துக்கொண்டு உள்ளே போகும். எண்ணெய்த் தொட்டி, பிளாஸ்டிக் ஓரப்பட்டை பக்கம் போகவே கூடாது. பொலிரோ போலச் சட்டத்தின் மேல் உடல் பொருத்திய வண்டிகளுக்கு இடம் வேறு. கையேட்டில் படம் இருக்கும்.

நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துவது சக்கரம் தரையில் இருக்கும்போதே முடிய வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரை மிதித்தால் அந்த ஆட்டம் நேரே ஜாக்கிக்குத்தான் போகும். சக்கரம் எழும்பத் தொடங்கியதும் ஒரு நிமிடம் நிறுத்தி, எட்ட நின்று பார்ப்பது நல்ல பழக்கம். ஜாக்கி சாய்ந்திருக்கிறதா, பலகையின் ஒரு விளிம்பு மேலே கிளம்புகிறதா, கட்டைக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி மாறியிருக்கிறதா? ஏதாவது ஒன்று தெரிந்தாலும் இறக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். சாய்ந்த ஜாக்கியைத் தட்டி நிமிர்த்தப் பார்ப்பது பேராபத்து.

ஒர்க்‌ஷாப்பில் தூக்கிய காரைத் தாங்க ஸ்டாண்டு கொடுப்பார்கள். அது கெட்டியான, மட்டமான தரைக்கான பொருள். சரிவில் வைத்தால் பாரம் அதன் கால்களுக்கு நடுவே நேராக இறங்காது, சாய்த்துவிடும். மண்ணில் அதன் மெல்லிய கால்கள் குத்திக்கொண்டு போகும். சித்திரை வெயிலில் இளகிய தார்கூட அவற்றுக்கு வழிவிடும். சாலையோரத்தில் அதற்குப் பதிலாக ஸ்டெப்னியைப் படுக்கவைத்து, ஜாக்கிக்குப் பக்கத்தில் காரின் ஓர விளிம்புக்கு அடியில் தள்ளிவிடலாம். கழற்றிய சக்கரத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டு ஸ்டெப்னியை உருவி மாட்ட வேண்டும். ஜாக்கி சரிந்தாலும் கார் அந்தச் சக்கரத்தின் மேல் உட்காரும், முழுதாகத் தரையில் அறையாது. அப்போதும் காருக்கடியில் தலையோ கையோ போகக் கூடாது.

மாட்டி முடித்ததும் அடியிலிருந்த சக்கரத்தை வெளியே இழுத்துவிட்டு, வண்டியை இறக்கி, நட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும். பிறகு பலகையைக் களி வழித்து டிக்கியில் போட்டுவிட்டு, முட்டுக் கொடுத்த கற்களைச் சாலையை விட்டுத் தள்ளிப் போட வேண்டும். இருட்டில் அந்த வழியே பைக்கில் வருபவருக்கு அவை கண்ணில் படாது.