கயிறு தட்டும் சத்தம்

மைசூருவில் ஓர் ஆரம்பப் பள்ளி மைதானம். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஸ்கிப்பிங் கயிற்றோடு நிற்கிறாள். ஒரு தாண்டல் சரி. அடுத்ததில் கயிறு காலில் மாட்டிக்கொள்கிறது. கயிறு தலைக்கு மேல் வரும்போதே குதித்துவிடுகிறாள். அது தரைக்கு வரும்போது கால்களும் தரைக்கு வந்துவிடுகின்றன. கையும் காலும் இன்னும் ஒரு தாளத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் கயிற்றை அளந்து பாருங்கள். நடுவில் மிதித்து நின்றால் கைப்பிடிகள் அக்குள் வரை வரவேண்டும். பிறகு இரண்டு கைப்பிடிகளையும் ஒரே கையில் பிடித்து, உடலுக்குப் பக்கவாட்டில் சுழற்றச் சொல்லுங்கள். கயிறு தரையில் ‘டப்’ என்று தட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு துள்ளல். காலில் சிக்க வழியில்லாததால் பயமும் இல்லை. காது தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து மற்றக் கை. இரண்டிலும் பத்துத் துள்ளல் தவறாமல் வந்தபின் கயிற்றைத் தாண்டவிடலாம்.

துள்ளல் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்ந்தால் போதும். சுழல வேண்டியது மணிக்கட்டு. கைகள் விரிய விரியக் கயிறு குட்டையாகி, மறுபடி காலில் மாட்டும்.

தாண்டப் பழகியபின்தான் தம் கூட்டும் பயிற்சி: 15 விநாடி தாண்டல், 30 விநாடி மெதுநடை, இப்படி ஆறு சுற்று. பாதம் தரையில் ‘தொப்’பென்று விழத் தொடங்கினால் கால் களைத்துவிட்டது, சுற்று மீதமிருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். சிமெண்ட் தளத்தைவிட மண் தரை முழங்காலுக்கு இதம்.