காகிதம் இறங்கினால் பெட்டி எவ்வளவு இறங்கும்?

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் தயாரிப்பவர் ஒருவர், சரக்கு அனுப்ப ஐந்து பிளை அட்டைப் பெட்டிகளை ஒரு வருஷத்துக்குப் பேசி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி ஒன்று 56 ரூபாய். கையெழுத்துப் போட்ட நாளில் கிராஃப்ட் காகிதம் கிலோ 38 ரூபாய். நாலு மாதம் கழித்து அதே ரகம் 32-க்கு வந்துவிட்டது. உடனே போனை எடுத்து, “அண்ணே, பேப்பர் பதினாறு பர்சென்ட் இறங்கிடுச்சு, பெட்டியிலயும் பதினாறு குறைச்சுக்கோங்க” என்பார். பெட்டிக்காரர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

சிரிப்புக்கு இரண்டு காரணம் உண்டு. முதலாவது ஒப்பந்தம். பர்ச்சேஸ் ஆர்டரில் ‘விலை மாறாது’ என்று எழுதியிருந்தால், சந்தை இறங்கியது என்பதற்காக மட்டும் குறைக்கச் சொல்லும் உரிமை வாங்குபவருக்கு இல்லை. 1937-இல் ராணுவத்துக்கு நெய் வாங்கித் தரும் முகவர்களாக ஒப்பந்தம் போட்ட நிறுவனம் ஒன்று, போரினால் நிலைமையே மாறிவிட்டது என்று கூடுதல் தொகை கேட்டு வழக்காடியது. அலோபி பர்ஷாத் வழக்கு என்று அதற்குப் பெயர். எதிர்பாராமல் விலை ஏறினாலும் இறங்கினாலும் பேசிய பேச்சு பேச்சுதான் என்று உச்ச நீதிமன்றம் 1960-இல் சொல்லிவிட்டது. ஆனால் இரண்டு பேரும் மனமொத்தால் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ள 1872-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆகவே இது கேட்டுப் பெறவேண்டிய சமாச்சாரம், கெடுபிடி எடுபடாது.

இரண்டாவது காரணம் கணக்கு. பெட்டி முழுக்கக் காகிதம் இல்லை. அச்சு, பசை, மின்சாரம், ஆள் கூலி, லாரி வாடகை, லாபம் எல்லாம் அந்த 56-க்குள் இருக்கின்றன. காகிதம் இறங்கியதால் கூலி இறங்காது. அதனால் முதலில் பெட்டியை எடை போடவேண்டும். 800 கிராம் வருகிறது என்றால், வெட்டும்போது போகும் கழிவுக்கு ஐந்து சதவீதம் சேர்த்து 840 கிராம். பழைய விலையில் அது 31 ரூபாய் 92 காசு, புது விலையில் 26 ரூபாய் 88 காசு. வித்தியாசம் 5 ரூபாய் 4 காசு. நியாயமாகக் கேட்கக்கூடியது இவ்வளவுதான். 56-இல் ஒன்பது சதவீதம். பதினாறு சதவீதம் கேட்டால் ஒன்பது ரூபாய்க்கு அருகில் வரும், அந்த மிச்சம் பெட்டிக்காரரின் கூலியிலிருந்துதான் போகவேண்டும். மாதம் பத்தாயிரம் பெட்டி எடுப்பவருக்கு 5 ரூபாயே ஐம்பதாயிரம் ஆகிறது.

இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, கையெழுத்து நாளின் ஆலை விலைப்பட்டியலையும் இன்றைய பட்டியலையும் அதனுடன் வைத்து அனுப்புவது நல்லது. இரண்டும் ஒரே ஆலை, ஒரே ஜிஎஸ்எம், ஒரே பிஎஃப் ஆக இருக்கவேண்டும். ஒன்றில் ஜிஎஸ்டி சேர்ந்து மற்றதில் சேராமல் இருந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பதில் பெரும்பாலும் இப்படி வரும்: “குடோன்ல நாப்பது நாளைக்குப் பழைய விலை பேப்பர் கிடக்கு.” இது சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ரோலாக வாங்கி அடுக்கியவருக்கு அது உண்மையான நஷ்டம். ஆகவே அந்த ஸ்டாக் தீரும் தேதியைக் கேட்டு, அதற்குப் பிறகு வரும் சரக்குக்குப் புது விலை என்று பேசினால் பாதி வேலை முடிந்தது. வெட்டுக் கழிவை விற்கும் விலையும் காகிதத்தோடு சேர்ந்து விழுந்திருக்கும் என்பதையும் அவர் சொல்வார். அதற்காக ஐம்பது காசு விட்டுக்கொடுத்தால் தப்பில்லை. பணத்தை அறுபது நாள் இழுத்தடித்துக்கொண்டே விலை குறைக்கச் சொல்பவரை யாரும் மதிப்பதில்லை. பெட்டிக்காரர் பதிவு பெற்ற சிறு தொழில் என்றால் 45 நாளுக்கு மேல் தவணை வைக்கச் சட்டமே விடாது. பதினைந்து நாளில் பணம் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும்.

சம்மதித்த விலையைத் தேதியோடு எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு, பெட்டியைக் கவனிக்கவேண்டும். அளவுக்கு மீறி நெருக்கப்பட்டவர் காகிதத்தை மெலிதாக்கிவிடுவது இந்தத் தொழிலில் நடப்பதுதான். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி நகைத் தராசில் வையுங்கள். 120 ஜிஎஸ்எம் காகிதம் ஐந்து அடுக்கு என்றால் நேர் அடுக்கு மூன்றும் 3.6 கிராம். நெளி அடுக்கு இரண்டும் வளைந்து போவதால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காகிதம் பிடிக்கும். பசையோடு மொத்தம் 7 கிராமுக்குக் குறையாமல் இருக்கும். மழைக்காலத்தில் ஈரம் எடையைக் கூட்டிக் காட்டும், ஆகவே காய்ந்த பெட்டியில் பாருங்கள்.

அடுத்த வருஷ ஒப்பந்தத்தில் அன்றைய காகித விலையையும், பெட்டிக்கு எத்தனை கிராம் என்பதையும் எழுதிவிடலாம். ஐந்து சதவீதத்துக்கு மேல் மாறினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை திருத்தம் என்று ஒரு வரி போதும். அந்த வரி ஏறும்போதும் பொருந்தவேண்டும். இறங்கும்போது மட்டும் என்று எழுதினால் பெட்டிக்காரர் கையெழுத்துப் போடமாட்டார்.