டீ ஆற்ற ஐந்து வினாடி

முப்பது வினாடி ரீல்ஸுக்கு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடிகாலை டீக்கடை. மாஸ்டர் டீ ஆற்றுகிறார். பஸ் வந்து நிற்கிறது. ஒருவர் இறங்கி வந்து கிளாஸை வாங்குகிறார். இதை ஏஐ வீடியோவாக்கும்போது திரையின் வடிவத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அகலவாக்கில், 16:9-இல் உருவாக்கிவிட்டுப் பிறகு செல்போனுக்காக 9:16 ஆக வெட்டினால், படத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 1920 பிக்சல் அகலம் சுமார் 607 ஆகச் சுருங்கிவிடும்.

9:16 என்று முடிவானதும் ஸ்கிரிப்ட்டையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். டீ ஆற்றுவது மேலிருந்து கீழே இறங்கும் காட்சி. ஒல்லியான திரைக்கு அழகாகப் பொருந்தும். பஸ் அப்படியல்ல. குறுக்கே போவதாக எழுதினால் பாதிதான் தெரியும். கேமராவை நோக்கி வருவதாக எழுதுங்கள், முகப்பு விளக்குகளோடு முழுசாக அடங்கும்.

அடுத்தது நீளம். வான் 2.1 மாடல் வழக்கமாக 81 ஃபிரேம் தரும். வினாடிக்கு 16 வீதம் ஐந்து வினாடி. அதற்குள் மூன்று செயல்களையும் திணித்தால் மாஸ்டரின் கை குழம்பும், கிளாஸ் பாதியில் வடிவம் மாறும். ஒரு கிளிப்புக்கு ஒரு செயல் போதும். அந்தக் காட்சிக்கான வசனத்தைக் கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூன்றரை வினாடி வந்தால் ஐந்து வினாடி கிளிப்பிலிருந்து நல்ல பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். கடைசி ஃபிரேமையே அடுத்த கிளிப்பின் தொடக்கமாகக் கொடுத்து நீட்டிக்கொண்டே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீட்ட நீட்ட முகமும் நிறமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். கோணத்தை மாற்றிப் புதிதாகத் தொடங்குவதே மேல்.

நெகட்டிவ் பிராம்ப்ட்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பல மாடல்கள் ஒவ்வொரு படியிலும் இரண்டு கணிப்புகள் செய்கின்றன: ஒன்று நாம் கேட்டதை வைத்து, மற்றொன்று நெகட்டிவ் பெட்டியில் உள்ளதை வைத்து. முதலாவதை நோக்கிப் போய், இரண்டாவதை விட்டு விலகுகின்றன. ஆகவே அங்கே ‘வேண்டாம்’ என்று எழுதத் தேவையில்லை. வேண்டாத பொருளின் பெயர் மட்டும் போதும். கடைப் பலகையில் தமிழ் எழுத்துகள் கிறுக்கலாக வருவது சகஜம் என்பதால் இப்படிக் கொடுக்கலாம்:

```
text, subtitles, watermark, extra fingers
```

கடையின் பெயரை எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். பட்டியலை நீட்டுவதில் ஆபத்து உண்டு. பீடிப் புகையைத் தவிர்க்க `smoke` என்று போட்டால் டீயின் ஆவியும் சேர்ந்து காணாமல் போகலாம்.

வேகமாக ஓட்டுவதற்காக சிஎஃப்ஜி அளவை 1 ஆக வைக்கும் மாடல்களில் இரண்டாவது கணிப்பே நடப்பதில்லை. சோதிக்க வழி எளிது: ஒரே சீட் எண்ணில், நெகட்டிவ் சொற்களோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அந்தப் பெட்டி வேலை செய்யவில்லை. பலகையே தெரியாத கோணத்தைப் பிராம்ப்ட்டில் எழுதிவிடுங்கள்.