929 முதலில், 1020 பிறகு

2021 நவம்பரில் ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. இந்தியாவில் 1000 ஆண்களுக்கு 1020 பெண்கள் இருப்பதாக மறுநாள் பல நாளிதழ்கள் முதல் பக்கத்தில் எழுதின. பெண்களின் எண்ணிக்கை ஆண்களைத் தாண்டிவிட்டது என்று தொலைக்காட்சிகளில் பேசினார்கள். அந்த எண் அறிக்கையில் இருப்பதுதான். ஆனால் அதற்கு அடுத்த வரியிலேயே இன்னொரு எண் இருந்தது: முந்தைய ஐந்தாண்டுகளில் பிறந்த 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 929 பேர்.

இரண்டும் ஒரே தாளில் இருக்கக் காரணம், இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். ஆய்வாளர்கள் ஏறத்தாழ 6.37 லட்சம் வீடுகளுக்குப் போனார்கள். முந்தைய இரவு அந்த வீட்டில் தங்கியிருந்தவர்களை வைத்துத்தான் 1020 என்ற விகிதம் கணக்கிடப்பட்டது. வெளியூரில் கட்டட வேலைக்குப் போய்த் தகரக் கொட்டகையில் படுத்திருந்தவர், ராணுவ முகாமில் இருந்தவர், விடுதியில் தங்கிப் படித்தவர் போன்றோர் இந்தக் கணக்கில் விடுபட்டிருக்கலாம். அப்படி வெளியே இருப்பவர்களில் ஆண்களே மிகுதி. வீடு, விடுதி, முகாம் என்று எங்கிருந்தாலும் எல்லோரையும் எண்ணிய 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விகிதம் 943தான்.

929 என்பது தாய்மார்களிடம் அவர்கள் பெற்ற பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுத் திரட்டிய கணக்கு. தலையீடு இல்லாத இடத்தில் 1000 ஆண் பிறப்புகளுக்குச் சுமார் 950 பெண் பிறப்புகள் இருக்கும். ஆகவே கருவிலேயே பெண்ணைத் தவிர்க்கும் பழக்கம் நாட்டில் ஓயவில்லை என்பதைச் சொல்வது இந்த எண்தான். நான்காவது ஆய்வில் இது 919 ஆக இருந்தது. கொஞ்சம் மேலே வந்திருக்கிறது, எட்ட வேண்டிய இடத்துக்கு இன்னும் வரவில்லை.

இந்த அறிக்கையை மாவட்ட ஆட்சியருக்கோ ஊராட்சித் தலைவர்களின் கூட்டத்துக்கோ ஒரே பக்கத்தில் சுருக்கித் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வு எப்போது தொடங்கியது, எந்த நிறுவனம் நடத்தியது, எத்தனை கேள்விகள் என்று அறிக்கை போகும் வரிசையிலேயே சுருக்கத்தையும் எழுதுவதுதான் பரவலான வழக்கம். அப்படி எழுதினால் படிப்பவர் மூன்றாவது பத்தியில் களைத்துப்போய், கண்ணில் பட்ட பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுவார். 1020க்கு நேர்ந்தது அதுதான்.

முதல் வாக்கியமே முடிவாக இருக்கட்டும்: “நாட்டில் பெண் குழந்தைகளின் பிறப்பு இன்னும் இருக்க வேண்டியதைவிடக் குறைவு, 1000 ஆண் குழந்தைகளுக்கு 929 பெண் குழந்தைகளே பிறக்கின்றன, ஐந்தாண்டுக்கு முன்பு 919.” அடுத்த வாக்கியம், படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடியதைத் தடுக்க வேண்டும்: “செய்திகளில் வந்த 1020 என்பது ஆய்வின்போது வீட்டில் இருந்தவர்களின் விகிதம், பெண் குழந்தைகள் பிறப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.” மூன்றாவதாக, இந்த எண்ணைக் கொண்டு எதைச் சொல்ல முடியாது என்பது. ஆய்வு எப்படி நடந்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரலாம்.

மூன்றாவதை எழுதத் தயங்குபவர்கள் உண்டு. எண்ணின் மீது நம்பிக்கை போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் பெரிய சிக்கல் வரும். ஒரு மாவட்டத்தில் ஆய்வுக்கு அகப்பட்ட பிறப்புகள் 200 மட்டுமே என்று வைத்துக்கொண்டால், அங்கே 900 என்று வரும் விகிதத்தின் உண்மையான மதிப்பு 700க்கும் 1200க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு மாவட்டங்களின் எண்களை அருகருகே வைத்து ஒரு மருத்துவ அலுவலரிடம் விளக்கம் கேட்பது எவ்வளவு அநியாயம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இனி இணைப்புகள். “விவரங்களுக்கு இணைப்பைக் காண்க” என்று எழுதி நான்கு கோப்புகளை அனுப்பினால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, யார் பார்க்க வேண்டும், எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று சுருக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். “இணைப்பு 1: நாட்டுக்கான சுருக்கத் தாள். மொத்தம் 131 வரிகள். 3ஆம் வரியில் 1020, 4ஆம் வரியில் 929. கூட்டத்தில் பேசுபவர் இதைக் கையில் வைத்திருந்தால் போதும். இணைப்பு 2: முழு அறிக்கையின் பின்னிணைப்பு. ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற பட்டியல். புள்ளியியல் அலுவலருக்கு மட்டும்.”

மாவட்டத் தாளுக்குக் கூடுதலாக ஒரு வரி தேவை. அதில் சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். சில இடங்களில் எண்ணே இல்லாமல் நட்சத்திரக்குறி மட்டும் இருக்கும். அடைப்புக்குறி என்றால் அந்த எண் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்து வந்தது. நட்சத்திரக்குறி என்றால் 25 பேர்கூட இல்லாததால் எண்ணை வெளியிடவில்லை. இதைச் சொல்லாமல் அனுப்பினால், தாளைத் தட்டச்சு செய்து வேறு அட்டவணைக்கு மாற்றுபவர் அடைப்புக்குறியை எடுத்துவிடுவார். நட்சத்திரக்குறி இருந்த இடத்தில் பூஜ்யம் போட்டுவிடுவார். அதன்பின் அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க மூலத் தாளைத் தேடிப்போவதைத் தவிர வேறு வழியில்லை.